அஞ்சு வீடுகளும் நூற்றுப் பதினைந்து வீடுகளும்

"ஒரு கிராமத்தில் குடும்ப வருமான சர்வே எடுத்தோம். நாலைந்து குடும்பங்கள் மட்டும் பெரும் பணக்காரர்கள். ரிப்போர்ட்டில் சராசரி போடுவதா, மீடியன் போடுவதா? கைடு சராசரிதான் வேண்டும் என்கிறார்."

மீடியனைப் போடுங்கள், அதாவது வருமானங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்ணை. சராசரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் பக்கத்தில் அது தனியாக நிற்கக் கூடாது. ஒரு ஊருக்கு வரவேண்டிய உதவி இந்த ஒரு எண்ணால் நின்றுபோனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு அறக்கட்டளைக்காக சர்வே நடந்தபோது நான் களத்தில் மேற்பார்வை பார்த்தேன். மொத்தம் 120 வீடுகள், ஒன்று விடாமல் எல்லா வீட்டுக்கும் போனோம். பெரும்பாலானவர்கள் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகிற இளைஞர்கள், கொஞ்சம் மானாவாரி நிலமும் ஆடும் வைத்திருப்பவர்கள். இவர்களுக்கு நடுவில் ஐந்து வீடுகள்: நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு சைசிங் மில்லின் முதலாளி, போர்வெல் ரிக் வைத்திருக்கும் இரண்டு குடும்பங்கள், ஒரு கோழிப்பண்ணை, ஒரு பைனான்ஸ்காரர்.

அந்த ஐந்து வீட்டின் ஆண்டு வருமானம் சேர்ந்து 1 கோடியே 60 லட்சம். மீதி 115 வீடுகளும் சேர்ந்து 1 கோடியே 38 லட்சம். மொத்தத்தை 120-ஆல் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 2,48,000 ரூபாய். வருமானத்தை ஏறுவரிசையில் அடுக்கினால் அறுபதாவது வீடு தறிக்கூலிக்குப் போகும் ஒரு தம்பதி, ஆண்டுக்கு 1,07,000. அறுபத்தொன்றாவது வீடு ஆடு வளர்ப்பும் நிலக்கடலையும், 1,09,000. ஆக மீடியன் 1,08,000. சராசரி இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போனது 2,48,000. அந்த அறக்கட்டளையின் கல்வி உதவித் திட்டத்துக்கு ஊரின் குடும்ப வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு. ஊர் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டது. "சராசரிக்கு மேலே எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள் சார்" என்று அலுவலகத்தில் கேட்டேன். பதினான்கு வீடுகள்தான். மீதி 106 வீடுகள் அதற்குக் கீழே. "சராசரிதான் எல்லாரும் போடுவது" என்று பதில் வந்தது. உங்கள் கைடுக்கும் இந்தக் கணக்கையே காட்டுங்கள். சராசரிக்குக் கீழே பாதியை விட மிக அதிகமான வீடுகள் இருந்தால், அது அந்த ஊரின் சாதாரண வீட்டைக் காட்டும் எண் இல்லை.

அடுத்த சர்வேயில் கூத்து இன்னும் பெரிதானது. அதற்குள் மில் முதலாளி குடும்பத்தோடு ஈரோட்டுக்குக் குடிபோய்விட்டார். வீட்டில் பூட்டு. தறிக்கூலி கொஞ்சம் ஏறியிருந்ததால் மீடியன் 1,17,000-க்கு உயர்ந்தது. சராசரியோ 2,17,000-க்கு இறங்கியது. மற்ற வீடுகளின் கை கொஞ்சம் நிமிர்ந்த நேரத்தில், "ஊரின் வருமானம் 31,000 ரூபாய் சரிந்தது" என்று எழுதத் தயாராக இருந்தார்கள். ஒரு வீட்டுப் பூட்டு செய்த வேலை அது. நீங்கள் எல்லா வீட்டுக்கும் போகாமல் 40 வீடுகளை மட்டும் சாம்பிள் எடுத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வருடம் 50 லட்சம் வரும் ஒரே வீடு சாம்பிளில் விழுந்தால், அது மட்டுமே சராசரியில் ஏறக்குறைய 1,25,000 ரூபாயை ஏற்றிவிடும். மீடியன் பெரிதாக நகராது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பணக்கார வீடுகளில்தான் பதில் நம்பமுடியாததாக இருக்கும். பைனான்ஸ்காரர் "ஏதோ ஓடுது, போட்டுக்கோங்க" என்றார். விசாரித்து, பேசி, கடைசியில் ஒரு தொகை எழுதினோம். அவர் 18 லட்சம் என்றாலும் 30 லட்சம் என்றாலும் மீடியன் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவர் எப்படியும் மேல் பாதியில்தான் இருக்கிறார். சராசரி அப்படி இல்லை. மொத்தத்தில் பாதிக்கு மேல் அந்த ஐந்து வீட்டின் வாய்மொழியில் தொங்குகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் களப் பணியாளர்களுக்கு ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. பேருந்துக் காசு மாதக்கணக்கில் வராது. பூட்டிய வீட்டுக்கு மறுபடி போனால் அதற்குக் காசே கிடையாது. அப்புறம் "ஏன் இந்த வீடு விட்டுப்போச்சு" என்று அவர்களைத்தான் கேட்பார்கள். நல்ல எண் வேண்டும் என்பவர்கள் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

சரி, சராசரியை அடியோடு விடச் சொல்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்: இல்லை. சராசரி மட்டுமே செய்யும் வேலைகள் உண்டு. ஊரின் மொத்த வருமானம் வேண்டுமென்றால் சராசரியை வீட்டு எண்ணிக்கையால் பெருக்கலாம். மீடியனை அப்படிப் பெருக்க முடியாது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கும் அட்டவணையிலும் மீடியன் கைவிட்டுவிடும். எங்கள் ஊரில் ரிக் வேலைப் பணம் வந்தது 41 வீடுகளுக்கு. அது பாதிக்கும் குறைவு என்பதால் அந்த வரிக்கு மீடியன் பூஜ்யம். நிலம், தறி, ரிக் என்று தனித்தனி மீடியன்களைக் கூட்டினாலும் மொத்த வருமானத்தின் மீடியன் வராது. அந்த அட்டவணைக்குச் சராசரியே சரி. மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு, 77-வது சுற்றில், 2018-19-க்கு விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் 10,218 ரூபாய் என்று சொன்னதும் சராசரிதான். கூலி, பயிர், கால்நடை என்று பிரித்துக் கூட்ட அதுதான் தோதானது. ஆனால் அந்த எண்ணைப் படித்துவிட்டு "ஒரு சாதாரண விவசாயிக்கு இவ்வளவு வருகிறது" என்று பேசுவது தவறு.

"அந்த ஐந்து வீட்டையும் எடுத்துவிட்டுச் சராசரி போடு" என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அவர்கள் தப்பாகப் பதிவான எண்கள் இல்லை, ஊரில் நிஜமாக வாழ்கிறவர்கள். மற்றவர்களுக்குக் கூலி கொடுப்பதும் கடன் கொடுப்பதும் அவர்கள்தான். அவர்களை நீக்கினால் ஊரின் ஏற்றத்தாழ்வு ரிப்போர்ட்டிலிருந்தே காணாமல் போய்விடும்.

எக்ஸலில் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்.

```
=MEDIAN(C2:C121)
=COUNTIF(C2:C121,">"&AVERAGE(C2:C121))
```

இரண்டாவது வரி சராசரிக்கு மேலே எத்தனை வீடு என்று சொல்லிவிடும். பதில் சொல்லாத வீட்டுக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். காலிக் கட்டத்தை எக்ஸல் கணக்கில் சேர்க்காது, 0-வைச் சேர்த்துவிடும். அதேபோல வருமானமே இல்லாத வீட்டுக்கு 0 போட்டே ஆகவேண்டும்.

ரிப்போர்ட்டில் மீடியன், கால்பகுதி, முக்கால்பகுதி எல்லைகள், சராசரி, வீட்டு எண்ணிக்கை எல்லாம் ஒரே வரியில் வரட்டும். மேலே இருக்கும் ஐந்து வீட்டுக்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் போகிறது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். ஆனால் 'சைசிங் மில் உரிமையாளர், 50 லட்சம்' என்று ஊர்ப் பெயரோடு அச்சடித்துவிடாதீர்கள். ஊரில் மில் ஒன்றுதான் என்றால் அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அடுத்த முறை அந்த வீட்டுக் கதவு திறக்காது.