முகத்தை மறைத்தால் பிள்ளை மறைந்துவிடுமா? திருகோணமலைப் படப்பிடிப்பாளர்களுக்கான கேள்வி பதில்

மூதூர்ச் செய்தியாளர்: அக்கா, பாதிக்கப்பட்ட பிள்ளையின் படம் என்றால் கண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டை போட்டுத்தான் அனுப்புகிறேன். முகம் தெரியாவிட்டால் சட்டப் பிரச்சினை வராதுதானே?

மறைக்க வேண்டும் என்பது வரைக்கும் சரி தம்பி. ஆனால் கண் பட்டை கொழும்பில் பத்திரிகை வாசிக்கிறவருக்குத்தான் ஆளை மறைக்கிறது. உங்கள் ஊர்க்காரர் தாடையைப் பார்த்து, காதைப் பார்த்து, நிற்கிற விதத்தைப் பார்த்தே யார் பிள்ளை என்று சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளை நாளைக்கு முகம் கொடுக்க வேண்டியதும் கொழும்பு வாசகருக்கு இல்லை. வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவளுக்கும், முடக்குக் கடைக்காரருக்கும், உறவுக்காரருக்கும்தான். அதனால் நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று: படத்தையும் படக்குறிப்பையும் சேர்த்து அதே ஊர்க்காரர் ஒருவரின் கண்ணால் பாருங்கள். அவரால் ஊகிக்க முடிந்தால் நாம் மறைக்கவில்லை.

சட்டமும் முகத்தோடு நிற்பதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான ஒருவரின் பெயரை மட்டுமல்ல, அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விடயத்தை வெளியிட்டாலும் தண்டனைச் சட்டக்கோவையின் 365 சி பிரிவின் கீழ் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் வளர்ந்தவராக இருந்தாலும் இது பொருந்தும்.

அன்புவழிபுரத்திலிருந்து ஒருவர்: நீதிமன்ற வாசலில் எடுத்த படம் ஒன்று கையில் இருக்கிறது. 14 வயதுப் பிள்ளை, தாய், கூட ஒரு பெண் பொலிஸ். பிள்ளையின் முகத்தை மறைத்தாயிற்று. வேறு என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தாயைப் பாருங்கள். தாயின் முகம் தெளிவாக இருந்தால் பிள்ளையை மறைத்ததால் ஒரு பயனும் இல்லை. பிள்ளைக்காகத் தாயையும் மறைக்க வேண்டும்.

அடுத்தது உடை. நீதிமன்றத்துக்கு வருகிற பிள்ளைகள் பலர் பாடசாலைச் சீருடையில்தான் வருவார்கள். நம் ஊர்களில் கழுத்துப்பட்டியின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடலாம், சின்னம் தெரியவே தேவையில்லை. நிறத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கோடு போட்ட பட்டி என்றால் அதுவும் போதாது. பிறகு பிள்ளையைச் சுற்றிப் பாருங்கள்: கையில் கட்டு, மூக்குக் கண்ணாடி, புத்தகப் பையில் எழுதிய பெயர், பின்னால் நிற்கிற முச்சக்கரவண்டியின் இலக்கம். அந்த வண்டி ஊரில் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் படக்குறிப்பு. பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பது இதுதான். கிராமத்தின் பெயர், வயது, "மாமன் கைது" என்று மூன்றையும் எழுதிவிட்டால் படமே போடாவிட்டாலும் பிள்ளை யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பெரிய ஊர் என்றால் ஊர்ப்பெயர் போகலாம். நூறு குடும்பம் இருக்கிற கிராமம் என்றால் "திருகோணமலை மாவட்டத்தில்" என்பதோடு நிறுத்துங்கள். சந்தேகநபர் குடும்பத்துக்குள் இருக்கிறார் என்றால், அவர் பெயரையும் அவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவையும் ஒரே செய்தியில் போடவே கூடாது. இரண்டில் ஒன்றை விட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் உறவை எழுதிப் பெயரை விடுவீர்கள். அதே வழக்கை எடுத்த இன்னொருவர் பெயரை எழுதி உறவை விடுவார். இரண்டு செய்தியையும் பார்த்தவருக்கு முழுப் படமும் கிடைத்துவிடும். அதனால் நீதிமன்ற வாசலில் நிற்கும்போதே மற்றச் செய்தியாளர்களோடு எதை விடுவது என்று பேசி முடிவெடுங்கள். போட்டி இருந்தாலும் இதில் ஒத்துப்போகலாம்.

இவ்வளவையும் மறைத்த பிறகு உங்கள் படத்தைத் திரும்பப் பாருங்கள். இரண்டு மங்கலான உருவங்களும் ஒரு பொலிஸ்காரியும்தான் மிஞ்சும். அது ஒரு செய்தியும் சொல்லாது, ஆனால் "இது யாராக இருக்கும்" என்று பார்க்கிறவர்களைத் தூண்டும். நான் என்றால் அதை விட்டுவிட்டு நீதிமன்ற வாயிலையோ, பெயர்ப்பலகையையோ போடுவேன். மறைக்க வேண்டிய படத்தை எடுப்பதைவிட மறைக்கத் தேவையில்லாத படத்தை எடுப்பது நல்லது. ஒளிக்கு எதிராக நிழலுருவமாக எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அனுப்ப முன் திருத்தும் செயலியில் நிழல் பகுதியை முழுதாக வெளிச்சமாக்கிப் பாருங்கள். சில நேரம் முகம் உள்ளே அப்படியே இருக்கும்.

உவர்மலை, செய்திப் பக்கம் நடத்துபவர்: நான் எல்லாம் போனில்தான் செய்கிறேன். கட்டம் கட்டமாக்குவேன், இல்லாவிட்டால் மார்க்கரால் தீட்டுவேன். இதில் ஏதும் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. போனில் உள்ள மார்க்கர் சிலவற்றின் மை முழுக் கறுப்பு இல்லை, கொஞ்சம் ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரியும். கட்டமாக்கினால் பெரிய கட்டமாக்குங்கள். முகத்தின் அகலத்துக்கு ஐந்து ஆறு கட்டத்துக்கு மேல் வந்தால், படத்தைச் சின்னதாக்கித் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது முகம் கூடி வரும். லேசாக மங்கலாக்கினாலும் இதே பிரச்சினைதான். முகத்தைச் சுழற்றிவிடும் வித்தையைத் தொடவே வேண்டாம். 2007இல் ஒரு குற்றவாளி அப்படிச் சுழற்றி மறைத்த தன் முகத்தை ஜெர்மன் பொலிஸார் திருப்பிச் சுழற்றி மீட்டார்கள். இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட்டுத்தான் ஆளைப் பிடித்தார்கள். அவர்களுக்கு அது நன்மைக்கு உதவியது, நாம் மறைக்கிற பிள்ளைக்கு அதுவே எதிராகும். ஒரே நிறத்தால் முழுதாக மூடுவதுதான் நம்பிக்கையான வழி. அழகாக இராது, பரவாயில்லை.

இன்னொன்று, கோப்புக்கு உள்ளே ஒளிந்திருப்பது. கமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு குட்டிப் படத்தையும், பல போன்கள் எடுத்த இடத்தையும் சேர்த்து வைக்கின்றன. நீங்கள் பெரிய படத்தை மூடினாலும் சில செயலிகள் அந்தக் குட்டிப் படத்தைப் புதுப்பிப்பதில்லை. கணினியில் exiftool என்ற செயலியை நிறுவி, கட்டளை வரியில் இப்படிப் பார்க்கலாம்:

```
exiftool -b -ThumbnailImage padam.jpg > kutti.jpg
exiftool -all= padam.jpg
```

முதல் வரி குட்டிப் படத்தை வெளியே எடுத்துக் காட்டும். இரண்டாவது எல்லாத் தகவலையும் அழிக்கும். உங்கள் பெயரும் படக்குறிப்பும் சேர்ந்தே போய்விடும், அவற்றைத் திரும்ப எழுத வேண்டும். பழைய கோப்பு `padam.jpg_original` என்று பக்கத்திலேயே நிற்கும். அதைத் தவறுதலாக அனுப்பிவிடாதீர்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: அப்படியென்றால் விளையாட்டுப் போட்டிப் படத்திலும் பிள்ளைகளை மறைக்க வேண்டுமா? எங்கள் மகள் வெள்ள நிவாரண வரிசையில் நின்ற படத்தை எங்களைக் கேட்காமலே போட்டார்கள்.

விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, திருவிழாக் கூட்டம், இதற்கெல்லாம் மறைப்பு வேண்டாம். வென்ற பிள்ளையின் முகத்தை மூடினால் அதுதான் பிழை. பாடசாலையின் அனுமதி இருந்தால் போதும்.

உங்கள் மகளின் விடயம் வேறு. அங்கே குற்றமும் இல்லை, வழக்கும் இல்லை, ஆனால் கை நீட்டி நிற்கிற நேரத்தில் எடுத்த படம் பள்ளிக்கூடத்தில் கேலியாக மாறும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நலனோடு தொடர்புடைய விடயத்தில் பெற்றோரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பது இங்குள்ள பத்திரிகை ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவையிலேயே இருக்கிறது. இணையப் பதிப்பில் படம் இருந்தால் எடுக்கச் சொல்லி ஆசிரியருக்கு எழுதுங்கள். எடுக்க மறுத்தால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

தம்பலகாமம், பகுதிநேரச் செய்தியாளர்: களவில் பிடிபட்ட 16 வயதுப் பொடியன். அவன் பாதிக்கப்பட்டவன் இல்லையே, போடலாம்தானே?

போட முடியாது. பொலிஸார் நிறுத்திவைத்துக் காட்டினாலும் 18 வயதுக்குக் குறைந்தவரின் முகத்தை மூடுங்கள். வயது தெளிவில்லாவிட்டால் குறைந்த வயது என்றே எடுங்கள்.

பாலையூற்றிலிருந்து: காணாமல் போன பிள்ளையின் முகத்தைப் போட்டுத் தேடச் சொல்கிறோம். கிடைத்த பிறகு என்ன செய்வது?

தேடும் வரைக்கும் முகம்தான் தேவை. கிடைத்த நிமிடத்திலிருந்து அது மாறிவிடுகிறது, அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது இனிமேல்தான் தெரியவரும். "கிடைத்துவிட்டார்" என்று பெயரில்லாமல் ஒரு வரி போட்டு, பழைய படத்தையும் பதிவையும் எடுத்துவிடுங்கள். பிறகு பாலியல் துன்புறுத்தல் வழக்கு என்று வந்தால், அந்தச் செய்தியில் "முன்பு காணாமல் போன" என்று எழுதாதீர்கள். மற்றவர்கள் பகிர்ந்து வைத்த படங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு முழுத் தீர்வு இல்லை. தேடும் அறிவித்தலைப் படத்தில் எழுதாமல் இணைப்பாகப் பகிர்ந்தால் நாம் அழிக்கும்போது ஓரளவு குறையும்.

நகரத்திலிருந்து ஒரு மூத்த படப்பிடிப்பாளர்: பிள்ளை, எல்லாவற்றையும் மூடச் சொல்கிறீர்கள். 2006இல் மூடியிருந்தால் உண்மை வெளியே வந்திருக்குமா?

வந்திருக்காது ஐயா. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள்தான் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். காயம்தான் செய்தி என்றால் காயத்தை மூட முடியாது.

நான் சொல்வது வெளியிடுகிற பிரதியை மூடுவது பற்றி. மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது, அதுதான் சாட்சி. அதை இணையத்தோடு தொடர்பில்லாத இரண்டு வன்தட்டில், இரண்டு இடத்தில் வையுங்கள். ஆசிரிய பீடத்துக்குப் போவது மூடிய பிரதியாக இருக்கட்டும். வெளியிடும்போது காயத்தைக் காட்டி, முகத்தை மூடுவதா வேண்டாமா என்று குடும்பத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

அதே மூத்தவர்: குடும்பம் எல்லாம் ஒரே குரலில் பேசாது. 2021இல் குறிஞ்சாக்கேணிப் படகு விபத்தில் பிள்ளைகள் போனபோது, படம் போடுங்கள், அப்போதாவது பாலம் வரும் என்ற பெற்றோரும் இருப்பார்கள், தாங்க முடியாது என்ற பெற்றோரும் இருப்பார்கள்.

அது உண்மை. உயிரோடு சிரிக்கிற படத்தைப் பெற்றோரே தந்தால் நான் போடுவேன், உடலின் படத்தைப் போடமாட்டேன். ஆனால் உடலின் படம்தான் வேண்டும் என்று ஒரு தந்தை கேட்டால், அதை மறுக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்பதில் நானும் நீங்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தாயையும் தனியாகக் கேளுங்கள், அடக்கம் முடிந்து ஒரு நாள் விட்டுத் திரும்பக் கேளுங்கள் என்பதுதான் இப்போதைக்கு என்னிடம் இருக்கிற பதில்.