பண்டைய எகிப்தில் பூசாரிகள் அரசனுக்கே போட்டியாக வளர்ந்தது எப்படி? ஒரே சூரியக் கடவுள்தான் என்று ஒரு மன்னர் கொண்டுவந்தாரே, அது ஏன் எடுபடவில்லை?

அந்தப் பூசாரிகளை வளர்த்துவிட்டதே அரசர்கள்தான்.

தெற்கு எகிப்தில், நைல் கரையில் தீபை என்ற ஊர். இன்றைய லக்சோர். அந்த ஊர்க் கடவுள் அமூன், அவருடைய பெரிய கோயில் கர்னாக்கில் இருந்தது. பதினெட்டாம் வம்ச மன்னர்களுக்குச் சொந்த ஊர் தீபை. அவர்கள் வடக்கே சிரியாவுக்கும் எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவுக்கும் படையெடுத்து ஜெயித்து வரும்போதெல்லாம் ‘அமூன் கொடுத்த வெற்றி’ என்று சொல்லி, கொள்ளைப் பொருளிலும் கைதிகளிலும் நிலத்திலும் கோயிலுக்கு ஒரு பங்கை ஒதுக்கினார்கள். மூன்றாம் துட்மோஸ் சிரியா, லெபனான் பக்கம் மூன்று ஊர்களையே அமூனுக்கு எழுதி வைத்தார். இதில் வெறும் பக்தி மட்டும் இல்லை. தான் சிறுவனாக இருந்தபோது அமூனின் உற்சவர் ஊர்வலத்தில் வந்து தன் முன்னால் நின்று தன்னை அரசனாகத் தேர்ந்தெடுத்தார் என்று அவரே கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார். அரசுரிமைக்குச் சாட்சி சொல்பவர் கடவுள் என்றால், அந்தக் கடவுளைத் தோளில் சுமப்பவர்களின் மதிப்பு கூடத்தானே செய்யும்?

ஆனால் உண்மையான பலம் களஞ்சியத்தில் இருந்தது. கடவுளுக்குத் தினமும் படைத்த ரொட்டி, பீர், இறைச்சி எல்லாம் படையல் முடிந்ததும் கோயில் ஊழியர்களுக்குச் சம்பளமாகப் பிரிக்கப்படும். பூசாரிகளில் பெரும்பாலோர் முழுநேரக்காரர்கள் இல்லை. நான்கு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்து வருவார்கள். மற்ற மாதங்களில் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இதற்குப் பின்னால் உழவர், மாடு மேய்ப்பவர், படகோட்டி, ரொட்டி சுடுபவர், கணக்கெழுதுபவர் என்று ஒரு பெரிய கூட்டமே கோயில் படியளப்பதை நம்பிப் பிழைத்தது. கோயிலில் கை வைப்பது இத்தனை பேர் சோற்றில் கை வைப்பது.

அதைத்தான் அக்கெனதென் செய்தார். கி.மு. 1353 வாக்கில் நான்காம் அமென்ஹோதெப் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தவர். சூரிய வட்டமான அதென் அவர் கண்டுபிடித்த கடவுள் இல்லை; அவருடைய அப்பா காலத்திலேயே அரண்மனையில் அதென் செல்லக் கடவுள்தான். மகன் அதை எல்லைவரை கொண்டுபோனார். நான்காம் ஆட்சியாண்டில் அமூன் கோயிலின் தலைமைப் பூசாரி மேய் என்பவர், வாடி ஹம்மாமாத் பாலைவனத்துக்குக் கல் வெட்டி வர அனுப்பப்பட்டார். ஆளை ஊரைவிட்டு அப்புறப்படுத்தும் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மன்னர் தன் பெயரிலிருந்தே அமூனை எடுத்துவிட்டு அக்கெனதென் ஆனார். இன்று அமர்னா என்று அழைக்கப்படும் இடத்தில், அதுவரை எந்தக் கடவுளுக்கும் சொந்தமாக இல்லாத வெற்று நிலத்தில், புதுத் தலைநகரம் எழும்பியது.

அப்புறம் உளிகள் கிளம்பின. கோயில் சுவர்களில் மட்டுமல்ல, ஒற்றைக்கல் தூண்களின் உச்சியில்கூட ஆட்கள் ஏறி அமூன் பெயரைக் கொத்தி எடுத்தார்கள். அமென்ஹோதெப் என்பதில் அமூன் இருக்கிறது என்பதால் சொந்த அப்பாவின் பெயரும் தப்பவில்லை. சில சின்னக் கண்மை டப்பாக்களில்கூட அந்தப் பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது. அரசு ஆள் வீடு வீடாக வந்து கண்மை டப்பாவைச் சோதித்திருப்பார் என்று தோன்றவில்லை. வைத்திருந்தவர்களே பயந்து சுரண்டியிருக்க வேண்டும்.

சரி, ஏன் எடுபடவில்லை? அதெனுக்கு மனித உருவச் சிலை இல்லை, ஊர்வலம் இல்லை, சொல்லிக்கொள்ளக் கதையும் இல்லை. அவரை அறிந்தவர் மன்னர் ஒருவரே என்று அதென் துதிப்பாடலே சொல்கிறது. ஜனங்கள் மன்னரை வணங்க வேண்டும், மன்னர் அதெனை வணங்குவார். பிரசவத்துக்குப் பயப்படும் பெண்ணுக்கு இதில் என்ன கிடைக்கும்? மன்னரின் சொந்த நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பிலேயே, பிரசவத்தையும் குழந்தைகளையும் காக்கும் பெஸ், தவெரெத் தெய்வங்களின் தாயத்துகள் அகழாய்வில் கிடைத்தன. அங்குள்ள எளிய மக்களின் இடுகாட்டில் இளவயதுச் சாவுகள் மிக அதிகம், பாரம் சுமந்து கெட்டுப்போன முதுகெலும்புகளும் நிறைய. புது நகரம் அவர்களுக்கு நல்ல சோறு போட்டதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், முழு அமைப்பும் ஒரே ஆள்மீது நின்றது. பதினேழாம் ஆட்சியாண்டில் அவர் இறந்ததும் தாங்க ஆளில்லை. பூசாரிகள் சதி செய்து கவிழ்த்தார்கள் என்று யூடியூபில் நிறைய ஓடுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அரண்மனையே பின்வாங்கியது என்பதற்குத்தான் தடயம் இருக்கிறது. அடுத்து வந்த ஆட்சியாளர்களில் ஒருவரின் மூன்றாம் ஆண்டிலேயே, தீபையில் ஒரு கல்லறைச் சுவரில் பவாஹ் என்ற பூசாரியின் பெயரில் அமூனுக்கு ஒரு வேண்டுதல் எழுதப்பட்டிருக்கிறது. அவர் வேலை பார்த்தது அந்த ஆட்சியாளரின் பெயரில் இருந்த கோயிலில்தான்.

பிறகு அரசரான துட்டன்காமுன் அந்தப் பின்வாங்கலை முழுமையாக்கினார். அவருடைய கல்வெட்டு, கோயில்கள் பாழடைந்து கிடந்தன, கடவுளைக் கூப்பிட்டால் வரவில்லை, படை அனுப்பினால் ஜெயிக்கவில்லை என்று அடுக்குகிறது. அமூனின் உற்சவருக்கு முன்பு 11 காவுகம்புகள் இருந்ததை 13 ஆக்கினாராம். பின்னால் தளபதி ஹோரெம்ஹெப் அரசரானதும், கோயில்களுக்குப் பூசாரிகளைப் படையிலிருந்து பொறுக்கி எடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்கிறார். அதென் கோயில்களை இடித்து, அந்தக் கற்களைக் கர்னாக் கோபுரங்களுக்கு உள்ளே நிரப்பினார். அழிப்பதற்காகச் செய்ததுதான், ஆனால் உள்ளே பத்திரமாக இருந்ததால் இன்று அந்தக் கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

பூசாரிகள் உண்மையிலேயே அரசருக்கு நிகராக நின்றது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. மூன்றாம் ராமேசஸின் கொடைகளைப் பட்டியலிடும் ஒரு பாப்பிரஸ் சுருளில் அமூன் கோயில்களின் கணக்கில் 86,000-க்கும் மேற்பட்ட ஆட்கள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் வருகின்றன. அதே மன்னரின் 29-ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளை வெட்டும் தொழிலாளர்கள் தானியக்கூலி வரவில்லை என்று வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் போய் உட்கார்ந்த இடம் கோயில்களின் பின்புறம், ஏனென்றால் தானியம் அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு தலைமைப் பூசாரிப் பதவி ஒரே குடும்பத்தில் அப்பாவிடமிருந்து மகன்களுக்குப் போக ஆரம்பித்தது. கர்னாக்கில் ஒரு புடைப்புச் சிற்பத்தில், ஒன்பதாம் ராமேசஸ் எதிரே அமென்ஹோதெப் என்ற தலைமைப் பூசாரி நிற்கிறார். எகிப்தியச் சிற்பத்தில் மன்னர் பெரிதாக இருப்பார், மற்றவர் சிறிதாக இருப்பார், அதுதான் வழக்கம். இதில் இருவரும் ஒரே உயரம்.

ஆனால் அந்த அமென்ஹோதெப்பும் நிலைக்கவில்லை. அவரைப் பதவியிலிருந்து விரட்டிவிட்டார்கள். கடைசியில் தீபையைப் பிடித்தவர் ஹெரிஹோர், தளபதியும் தலைமைப் பூசாரியும் ஒருவரே. கர்னாக்கில் உள்ள கோன்சு கடவுளின் கோயில் சுவரில் அவர் தன் பெயரை அரசர்களுக்கு மட்டுமே உரிய நீள்வட்டச் சட்டத்துக்குள் எழுதிக்கொண்டார். பட்டப்பெயராக அவர் அதில் வைத்தது ‘அமூனின் தலைமைப் பூசாரி’ என்பதையே. கி.மு. 1070 வாக்கில் வடக்கே தானிஸ் நகரத்தில் மன்னர்கள், தெற்கே தீபையில் இந்தப் பூசாரித் தளபதிகள் என்று நாடு இரண்டாகிவிட்டது.