புதிய அணிக்கு ஸ்பிரின்ட் தொடக்க உரை: இலக்கையும் ஆபத்தான வேலைகளையும் சொல்வது எப்படி?

கேள்வி: வெவ்வேறு அணிகளிலிருந்து வந்த ஆறு பேரை வைத்து எங்கள் நிறுவனத்தில் புது அணி அமைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் ஸ்பிரின்ட் தொடக்கம், நான்தான் பேச வேண்டும். இலக்கையும் ஆபத்தான வேலைகளையும் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது?

பதில்:

பேருந்துப் பயணச்சீட்டு விற்கும் ஒரு தளத்தில் இதே போன்ற அணிக்கு நான் பேசியதையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். இரண்டு வார ஸ்பிரின்ட். உரை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. சீட்டை ரத்து செய்ய விரும்பும் பயணி அதுவரை வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அங்கிருப்பவர் கையால் பணத்தைத் திருப்புவார். அதை மாற்றுவதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

இலக்கை ஒரே வாக்கியத்தில் சொன்னேன்: “யுபிஐ மூலம் பணம் கட்டிய பயணி, வண்டி புறப்படுவதற்கு முன், யாரையும் அழைக்காமல் தன் இருக்கையைத் தானே ரத்து செய்து, உரிய தொகையை ஒரே ஒரு முறை திரும்பப் பெற வேண்டும்.” ‘ரத்து வசதியை உருவாக்குதல்’ என்று சொல்லியிருந்தால், திரையை வரைந்தவர் முதல் வாரத்திலேயே தன் பங்கு முடிந்துவிட்டதாக நினைத்திருப்பார். நடக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கக் கூடிய வாக்கியமாக இருந்ததால், அதில் வரும் ‘ஒரே ஒரு முறை’ என்ற சொற்களைச் சுற்றியே பிறகு பாதி விவாதம் நடந்தது. கார்டு மூலம் கட்டியவர்கள் இந்த ஸ்பிரின்ட்டில் இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். எதைச் செய்யப்போவதில்லை என்பதைச் சொல்லாவிட்டால், ஒவ்வொருவரும் தம் பழைய அணியின் வழக்கப்படி அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்வார்கள்.

ஆபத்தான வேலைகள் என்று இரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஏழெட்டு ஆபத்துகளை அடுக்கினால் கேட்பவர் மனத்தில் ஒன்றும் நிற்காது. வேலையின் பெயரைச் சொல்லி ‘இது கடினம்’ என்று முடிப்பதும் பயன்படாது. எது தவறாகலாம், அது எப்படித் தெரியவரும், எந்த நாளுக்குள் தெரியவேண்டும், தவறானால் என்ன செய்வோம் என்று நான்கையும் சொல்ல வேண்டும். பயமுறுத்தல் என்பது பெரும்பாலும் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விடுவதால் வருவது.

முதல் ஆபத்து, பணம் இருமுறை திரும்புவது. அதை ஒரு சீட்டை வைத்து விளக்கினேன். “ஒருவர் 900 ரூபாய் வீதம் இரண்டு இருக்கைகளுக்கு 1,800 ரூபாய் கட்டியிருக்கிறார். ஒன்றை மட்டும் ரத்து செய்கிறார். கட்டணம் 100 ரூபாய் போக 800 ரூபாய் அவருக்குத் திரும்ப வேண்டும். நம் சர்வர் பேமென்ட் கேட்வேயிடம் அதைக் கேட்கிறது. கேட்வே பணத்தைத் திருப்பிவிடுகிறது, ஆனால் அதன் பதில் நமக்கு நேரத்துக்குள் வந்து சேரவில்லை. தோல்வி என்று நினைத்து நாம் மறுபடி கேட்கிறோம். இரண்டும் சேர்ந்து 1,600 ரூபாய்தான், கட்டிய தொகைக்குள் இருக்கிறது. ஆகவே கேட்வே இரண்டாவதையும் ஏற்றுக்கொள்ளும்.” ஒற்றை இருக்கைச் சீட்டில் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் இரண்டாவது 800 சேர்ந்தால் கட்டிய 900 ரூபாயைத் தாண்டிவிடும், கேட்வே மறுத்துவிடும். ஒற்றை இருக்கையை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும் என்றதும், எங்கள் சோதனையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பரிகாரத்தையும் அதே மூச்சில் சொன்னேன். கேட்வேயை அழைப்பதற்கு முன்பே நம் அட்டவணையில் ஒரு வரி எழுதப்பட வேண்டும். ஒரு முன்பதிவின் ஒரு இருக்கைக்கு இரண்டாவது வரி விழாதபடி தரவுத்தளமே தடுக்க வேண்டும்.

```sql
ALTER TABLE refunds
  ADD CONSTRAINT refund_once UNIQUE (booking_id, seat_no);
```

பதில் வராவிட்டால் புதிய கோரிக்கை அனுப்பாமல், பழைய கோரிக்கையின் நிலையைக் கேட்க வேண்டும். இதைச் சோதிக்க, பணத்தைத் திருப்பிவிட்டு 40 விநாடி கழித்துப் பதில் சொல்லும் போலி கேட்வே ஒன்றை புதன்கிழமைக்குள் எழுதிவிட வேண்டும் என்றும், அதில் நம் முறை தோற்றால் பதில் வராதவற்றை ‘நிலுவை’ என்று குறித்துச் சேவைப் பிரிவின் கைக்கு விட்டுவிடலாம் என்றும் முடித்தேன். திரை வேலை அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது ஆபத்து, ஏற்கெனவே பெரிதாக இருக்கும் இருக்கை அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்ப்பது. இங்கே என் பழைய தவறு ஒன்றைச் சொன்னேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே போன்ற வேலையை ‘சின்ன வேலை’ என்று தொடக்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தையில் கடந்துவிட்டேன். அதை ஓட்டிய இரவில் தளம் பல நிமிடம் அசையாமல் நின்றது. போஸ்ட்கிரெஸில் வெறும் பத்தியைச் சேர்ப்பது நொடிக்கும் குறைவான வேலைதான். ஆனால் அதற்கு அட்டவணையின் முழுப் பூட்டு தேவை. அந்த நேரத்தில் நீண்ட அறிக்கை ஒன்று அதே அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால், நம் கட்டளை அது முடியும்வரை வரிசையில் காத்திருக்கும்; அதற்குப் பின்னால் வரும் சாதாரணப் பயணிகளின் கோரிக்கைகளும் நம் கட்டளைக்குப் பின்னால் நிற்கும். அதனால் காத்திருப்புக்கு ஒரு வரம்பு வைத்து, கிடைக்காவிட்டால் விலகிப் பிறகு முயல வேண்டும்.

```sql
SET lock_timeout = '2s';
ALTER TABLE booking_seats ADD COLUMN cancelled_at timestamptz;
```

புதிய அணியில் தலைவரே தன் தவறைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பழகிய அணியில் யார் எதில் தடுமாறுவார் என்று எல்லாருக்கும் தெரியும். புதியவர்கள் நடுவே ‘எனக்கு இது தெரியாது’ என்று முதலில் சொல்ல யாரும் விரும்புவதில்லை. நான் சொல்லி முடித்ததும், இருக்கை அட்டவணை யாருக்குமே பழக்கமில்லை என்பது வெளியே வந்தது. அதனால் அந்த வேலையை இருவர் சேர்ந்து செய்வதாக மாற்றினோம். இந்த அணி எவ்வளவு வேலை முடிக்கும் என்பதற்குப் பழைய கணக்கும் இல்லாததால், முதலில் எடுக்க நினைத்ததில் கார்டு பகுதியை நான் முன்பே வெட்டியிருந்தேன்.

உரையை முடித்தவுடன் ‘கேள்வி இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், அமைதிதான் கிடைக்கும். உளவியலாளர் கேரி கிளைன் பரப்பிய முறை ஒன்று இதற்கு உதவும்: ஸ்பிரின்ட் முடிந்துவிட்டது, தோற்றும்விட்டது என்று வைத்துக்கொண்டு, காரணம் என்ன என்று ஒவ்வொருவரும் பேசாமல் ஒரு சீட்டில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஆறு சீட்டுகளில் நான்கு நான் சொன்னவையே. ஒன்று கேட்வேயின் சோதனைக் கணக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது. ஆறாவதைச் சோதனையாளர் எழுதியிருந்தார்: “பயணி ரத்து செய்து 800 ரூபாய் வாங்கிய பிறகு, பேருந்து நிறுவனமே வண்டியை ரத்து செய்தால்?”

அப்போது பயணிக்கு முழு 900 ரூபாயும் சேர வேண்டும் என்று ஒருவர் வாதிட்டார். மீதி 100 ரூபாயைத் திருப்ப முயன்றால், இருமுறை திருப்பாமல் காக்க நாங்கள் வைத்த தடையே அதை மறுத்துவிடும். அந்த 100 ரூபாயை யார் ஏற்பது என்று பிராடக்ட் ஓனருக்கும் அன்று தெரியவில்லை. நிறுவனம் ரத்து செய்யும் வண்டிகள் இந்த ஸ்பிரின்ட்டில் பழையபடி சேவைப் பிரிவிலேயே இருக்கட்டும் என்று பலகையில் எழுதியிருந்த இலக்கின் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டு, போலி கேட்வே எழுத உட்கார்ந்தோம்.