பாதி வகுப்பு தப்பாக எழுதிய ஏழாவது கேள்வி

கேள்வி: ஹிஸ்டரி டெஸ்ட்டில் ஒரு கேள்வியைப் பாதி கிளாஸ் தப்பாக எழுதியிருக்கிறது. தப்பு கேள்வியிலா, பிள்ளைகளிடமா? எக்செல்லில் போட்டுப் பார்த்தால் தெரியுமா?

தெரியும். ஆனால் எத்தனை பேர் தப்பாக எழுதினார்கள் என்பதை வைத்துத் தெரியாது, யார் தப்பாக எழுதினார்கள் என்பதை வைத்துத்தான் தெரியும். இது புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் மார்க் குறைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல ஒரு பெரிய வகுப்பை வைத்துக்கொண்டு, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளைத் திருத்துகிறவர் என்று நினைத்துக்கொள்கிறேன். மும்பையில் சயான் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். 44 பிள்ளைகள், 30 கேள்வி. ஏழாவது கேள்வி இது: 'வெள்ளையனே வெளியேறு இயக்கம் எந்த நாளில் தொடங்கியது?' ஏ: 1942 ஆகஸ்ட் 8. பி: 1942 ஆகஸ்ட் 9. சி: 1930 மார்ச் 12. டி: 1940 அக்டோபர் 17. என் விடைக்குறிப்பில் ஏ.

சரியாக எழுதியவர்கள் 22 பேர். 22-ஐ 44-ஆல் வகுத்தால் 0.50. இதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். பெயர் குழப்பும், எண் பெரிதாக இருந்தால் கேள்வி சுலபம் என்று அர்த்தம். 0.50 என்றால் ரொம்பச் சுலபமும் இல்லை, ரொம்பக் கஷ்டமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நல்ல கேள்வி என்று அப்படியே வைத்திருந்தேன்.

நாலாவது வருடம்தான் அடுத்த கணக்கையும் போட்டேன். Ans என்று ஒரு ஷீட். அதில் இரண்டாம் வரிசையில் விடைக்குறிப்பு, 3 முதல் 46 வரை பிள்ளைகள், C முதல் AF வரை அவர்கள் எழுதிய எழுத்துகள் அப்படியே. மார்க்கை மட்டும் ஏற்றாதீர்கள், எழுத்தை ஏற்றுங்கள். ஏன் என்று பிறகு புரியும். Mark என்று இன்னொரு ஷீட். அதில் C3-ல் இதைப் போட்டு முழுக்க இழுத்துவிடுங்கள்:

```
=IF(Ans!C3=Ans!C$2,1,0)
```

AG-யில் ஒவ்வொருவரின் மொத்தம், `=SUM(C3:AF3)`. அந்த மொத்தங்களைக் காப்பி செய்து, Ans ஷீட்டின் AG-யில் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். பிறகு Ans ஷீட்டை அந்த AG-யை வைத்து, பெரியது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். Mark ஷீட் தானாகவே மாறிக்கொள்ளும். Mark ஷீட்டை நேராக வரிசைப்படுத்தப் போனால் பெயர் ஓரிடம் மார்க் ஓரிடம் என்று கலைந்துவிடும். வரிசைப்படுத்தும்போது 3-ஆம் வரிசையிலிருந்து மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரு முறை விடைக்குறிப்பு வரிசையும் சேர்ந்து நகர்ந்துபோய், வகுப்பில் முதல் மாணவிக்கு 30-க்கு 5 வந்தது. அவள் பெயருக்கு நேரே 5-ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது மேலே இருக்கிற 27 சதவீதம், கீழே இருக்கிற 27 சதவீதம். 1939-ல் கெல்லி என்பவர் கணக்குப் போட்டுச் சொன்ன அளவு அது. 44-க்குக் கிட்டத்தட்ட 12 பேர். ஏழாவது கேள்வி Mark ஷீட்டின் I-யில் இருக்கிறது, அந்த ஷீட்டிலேயே கீழே ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=(SUM(I3:I14)-SUM(I35:I46))/12
```

இதுதான் வேறுபடுத்தும் திறன். 0.40-க்கு மேல் வந்தால் நல்ல கேள்வி, 0.20-க்குக் கீழே போனால் கை வைக்க வேண்டிய கேள்வி. எனக்கு வந்தது மைனஸ் 0.25. மேல் 12 பேரில் 4 பேர் சரி, கீழ் 12 பேரில் 7 பேர் சரி. படிக்கிற பிள்ளை தோற்று, படிக்காத பிள்ளை ஜெயிக்கிற கேள்வி.

மைனஸ் வந்தால் முதலில் விடைக்குறிப்பில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையது சரியாகத்தான் இருந்தது. அடுத்து, மேலே இருப்பவர்கள் எதைத்தான் எழுதினார்கள் என்று எண்ணினேன். எழுத்துகளை ஏற்றி வைத்தது இதற்குத்தான்:

```
=COUNTIF(Ans!I3:I14,"B")
```

8 வந்தது. தப்பாக எழுதிய எட்டுப் பேருமே பி, ஆகஸ்ட் 9. முதல் மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர், நீங்கதானே எங்களைத் தாதர்ல வண்டி மாத்தி கிராண்ட் ரோடுல இறங்கி கோவாலியா டேங்க் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஆகஸ்ட் கிராந்தி நாள் 9-ந்தேதின்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. கோவாலியா டேங்க் மைதானத்தில் 8-ஆம் தேதி இரவு தீர்மானம் நிறைவேறியது. 9-ஆம் தேதி விடியற்காலையில் காந்தியையும் மற்றத் தலைவர்களையும் கைது செய்தார்கள், அன்றுதான் அருணா ஆசஃப் அலி அங்கே கொடி ஏற்றினார், ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். எது தொடக்கம்? இரண்டையும் தெரிந்த பிள்ளை யோசித்தாள். நோட்ஸில் ஒரே தேதியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு யோசிக்க எதுவும் இல்லை. குற்றம் 'தொடங்கியது' என்று நான் எழுதிய சொல்லில் இருந்தது.

அந்தத் தேர்வில் ஏ, பி இரண்டுக்கும் மார்க் கொடுத்தேன். அடுத்த வருடம் கேள்வியை மாற்றினேன்: '1942 ஆகஸ்ட் 8 அன்று கோவாலியா டேங்க் மைதானத்தில் நடந்தது எது?' விடைகள்: காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் நிறைவேற்றியது, அருணா ஆசஃப் அலி கொடி ஏற்றியது, காந்தி கைதானது, வினோபா பாவே தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது. பழைய குழப்பமே இப்போது நல்ல தூண்டில் ஆனது. மேல் 12-ல் 10 பேர் சரி, கீழ் 12-ல் 5 பேர் சரி: 0.42.

புள்ளியியல் படித்தவர்கள் உடனே வந்து 44 பேரை வைத்து இதையெல்லாம் சொல்லலாமா என்பீர்கள். தெரியும். 12 பேர் கொண்ட குழுவில் ஒரே பிள்ளை மாற்றி எழுதினால் எண் 0.08 நகரும். அதனால் 0.18-க்கும் 0.24-க்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை. மைனஸ் வந்தால் மட்டும் விடுவதில்லை. எண் குறைந்ததற்காகவே கேள்வியைத் தூக்கவும் மாட்டேன். தண்டி யாத்திரை எந்த வரிக்கு எதிராக என்ற கேள்விக்கு 41 பேர் சரி, வேறுபடுத்தும் திறன் 0.17. எல்லோருக்கும் தெரிந்த கேள்வியில் வேறுபாடு வராது. அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அதனால் இன்னும் இருக்கிறது.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே' என்றும் கேட்பீர்கள். எழுத்துகளை ஏற்ற எனக்கு ஒரு மாலை ஆகும். அந்த மாலை எனக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் உண்மை. பரீட்சை நெருங்கினால் ஹிஸ்டரி பீரியடைக் கணக்குக்குக் கொடுங்கள் என்கிறார்கள், யார் லீவு போட்டாலும் என்னை அந்த வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். வரலாறு என்றால் வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்று பள்ளியே நினைத்தால், பிள்ளை 8-ஆம் தேதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வரும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாதி கிளாஸின் பெயர்களை மார்க் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் கீழே இருந்தால் அந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்துங்கள். மேலே இருந்தால், அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு ஏன் அப்படி எழுதினாய் என்று கேளுங்கள்.