பாடசாலைக்குத் தண்ணீர் மோட்டர் வாங்க வேண்டும். 30,000 ரூபாவுக்கும் இருக்கிறது, 95,000க்கும் இருக்கிறது. பத்து வருடத்தில் எது மலிவு?

ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் ஏற்றுகிறீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதே கேள்வி வந்து, கணக்குப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் கிணறு பள்ளத்தில், தேயிலை மலை முடிகிற இடத்தில். தாங்கி மேல் கட்டடத்துக் கூரையில். குழாயில் உரசி வீணாவதையும் சேர்த்தால் 45 மீற்றர் உயரம். பிள்ளைகள் 300 பேர், நாளுக்கு 6,000 லீற்றர், வருடத்தில் 200 நாள்.

பழைய மோட்டர் ஒரே சுழலி உள்ள சின்ன ரகம், கடைகளில் மலிவாகக் கிடைப்பது. ஒரு சனிக்கிழமை பாடசாலையில் மற்ற எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, கரண்ட் மீற்றரைப் பார்த்துக் குறித்து, 1,000 லீற்றர் ஏற்றி, மறுபடி பார்த்தேன். 0.8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கேட்பது 0.12 யூனிட்தான். மிச்சமெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போகிறது. சுழலிகளை அடுக்கடுக்காக வைத்த மல்டிஸ்டேஜ் மோட்டருக்கு, அதன் தரவுத் தாளின்படி 0.4 யூனிட் போதும்.

ஆக, வருடத்துக்கு 1,000 யூனிட்டும் 500 யூனிட்டும். யூனிட் 30 ரூபா என்று வைத்துக்கொண்டேன். நீங்கள் உங்கள் பில்லில் உள்ளதைப் போடுங்கள். மலிவு மோட்டர் பத்து வருடத்தில் குடிக்கும் கரண்ட் 3,00,000 ரூபா. முதலாவதையும் சேர்த்து மூன்று மோட்டர் வாங்கவேண்டி வரும் என்று 90,000, சில்லறைத் திருத்தம் 40,000. மொத்தம் 4,30,000. மல்டிஸ்டேஜுக்கு விலை 95,000, கரண்ட் 1,50,000, சீல், பேரிங் மாற்ற 50,000. மொத்தம் 2,95,000. விலைவாசி ஏற்றத்தையும் வட்டியையும் இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில் அதையெல்லாம் விளக்க ஆரம்பித்தால் யாரும் வீடு போகமாட்டார்கள்.

மூன்று மோட்டர் என்று ஏன் போட்டேன்? சின்ன ரகத்தில் சுழலிக்கும் உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கலங்கி மண்ணோடு வரும்போது அந்த இடைவெளி தேய்ந்து அகலும். மோட்டர் நிற்காது, வழக்கம்போல ஓடும், தண்ணீர்தான் குறையும். அதனால் தாங்கி நிறைய எத்தனை நிமிடம் என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஐந்து மணித்தியாலத்தில் நிறைந்தது ஏழு ஆனால், கரண்டும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கூடிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், மலைநாட்டுக்கென்று ஒரு சங்கதி. எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை சீல் போனது. மோட்டருக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரிச் சத்தம். மோட்டர் செய்கிற பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டு, "சேர், மோட்டர்ல பிழையில்ல, ரொம்பக் கீழ இருந்து இழுக்குது" என்றார். நீர்மட்டத்துக்கு ஆறரை மீற்றர் மேலே வைத்திருந்தோம். பெட்டியில் எட்டு மீற்றர் வரை இழுக்கும் என்றுதான் போட்டிருந்தது, ஆனால் அது கடல்மட்டக் கணக்கு. அங்கே காற்றழுத்தம் தாங்கக்கூடியது 10.3 மீற்றர் நீர். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 8.2 மீற்றர்தான். அந்த இரண்டு மீற்றர் குறைவிலேயே தண்ணீர் மோட்டருக்குள் ஆவிக் குமிழாகி, குமிழ் உடைந்து உலோகத்தைக் கொத்துகிறது. இந்த உயரத்தில் ஐந்து மீற்றருக்கு மேல் இழுக்க விடாதீர்கள். நாங்கள் கிணற்றோரம் ஒரு திட்டு கட்டி மோட்டரைக் கீழே இறக்கினோம். சீமெந்தும் வயரும் சேர்த்து 12,000 ரூபா. அதற்குப் பிறகு அந்தச் சத்தமே இல்லை. இதைச் செய்யாமல் 95,000 ரூபா மோட்டரை அதே இடத்தில் வைத்திருந்தால் அதுவும் இதே கதிதான் ஆகியிருக்கும்.

கடையில் பெட்டியில் உள்ள `H max` என்ற உச்ச உயரம், `Q max` என்ற உச்ச நீரளவு இரண்டையும் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த உயரமும் அந்த அளவும் ஒன்றாகக் கிடைக்காது. "45 மீற்றரில் மணிக்கு எத்தனை லீற்றர்?" என்று கேளுங்கள். எந்த உயரத்தில் எத்தனை லீற்றர் என்று காட்டும் வரைபடத்தைக் காட்ட முடியாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

உங்களுடையது சின்னப் பாடசாலை, நாளுக்கு 2,000 லீற்றர்தான் என்றால் கதை வேறு. எங்கள் உயரத்துக்கே போட்டுப் பார்த்தேன்: ஓட்டம் குறைவதால் மலிவு மோட்டர் இரண்டு போதும், அதற்கு 1,80,000, மற்றதற்கு 1,75,000. வித்தியாசமே இல்லை. அப்படியானால் மலிவானதையே வாங்கி, மிச்சக் காசில் இன்னொரு தாங்கி வையுங்கள். மோட்டர் பழுதான அன்று கழிவறைக்குத் தண்ணீர் இருக்கும்.