குழம்புத் தூள் ஏன் கட்டி தட்டுகிறது?

கேள்வி: மல்லியும் மிளகாயும் வறுத்து மில்லில் கொடுத்துதான் அரைக்கிறேன். ஆனாலும் ஒரே மாதத்தில் தூள் கட்டி தட்டி, வாசனையும் போய்விடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

அநேகமாக மில்லிலிருந்து வந்த பிறகு செய்கிற தப்புதான். எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு கிலோ மல்லி, அரை கிலோ நீட்டு மிளகாய். மில்லில் வாங்கும்போது பை கையைச் சுட்டது. அவசரத்தில் அப்படியே எவர்சில்வர் டப்பாவில் கொட்டி அழுத்தி மூடினேன். மறுநாள் திறந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாய் நீர். துடைத்துவிட்டு மறுபடி மூடியது அடுத்த முட்டாள்தனம். மூன்றாம் வாரம் நடுவில் உருண்டை, ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. மொத்தமும் குப்பைக்குப் போனது. வெயிலில் போட்டுச் சலித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பூஞ்சை விட்ட நச்சு வெயிலுக்குப் போகாது.

இப்போதெல்லாம் வந்ததும் பழைய வேட்டியில் மெல்லிசாகப் பரப்பி, ஃபேன் போடாமல் இரண்டு மணி நேரம் ஆறவிடுகிறேன். அடியில் கைவிட்டுப் பார்த்து, துளி சூடு இருந்தாலும் டப்பாவுக்குள் போகாது. இரவு முழுக்கத் திறந்து வைக்கவும் கூடாது, மழைக்காலத்தில் அதுவே காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும்.

வறுப்பதிலும் ஒரு விஷயம். மிளகாயைக் காம்போடு இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காம்பை அதன்பின் கிள்ளுங்கள். மல்லியைச் சிறு தீயில், கால் கிலோ கால் கிலோவாக வறுத்து, வாசனை தூக்கும்போதே இறக்கிவிட வேண்டும். வாயில் போட்டுக் கடித்தால் மொறுமொறுவென்று இருந்தால் போதும். நிறம் கறுக்கும்வரை விட்டால் குழம்பு கசக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, அந்த வாணலிச் சூட்டிலேயே மிளகாயைப் புரட்டினால் போதும். கமறி இருமல் வந்தால் கருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிலர் சொட்டு எண்ணெய் விடுவார்கள். அன்றைக்கே தீரும் பொடிக்குச் சரி, வைத்திருக்கும் தூளில் நாளடைவில் காறல் வாடை வரும்.

வாசனை போவதற்குக் காரணம் மல்லிதான். பொடித்த மல்லி வாசனையைச் சீக்கிரம் விட்டுவிடும், மிளகாயின் காரம் அப்படியே நிற்கும். அதனால் நான் இப்போது இரண்டு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் அரைப்பதில்லை. பெரிய டப்பாவை இருட்டு அலமாரியில் வைத்துவிட்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அஞ்சறைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்வேன். கொதிக்கும் குழம்புக்கு மேலே டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு தூள் போடுகிற பழக்கம் என் வீட்டில் இன்னும் ஒருவரிடம் இருக்கிறது, அதனால்தான் பெரிய டப்பா இப்போது அலமாரியின் மேல் தட்டில்.