கயிற்றில் தொங்கிய ஒரு கிலோ

அன்புள்ள ஐயா,

மகள் பதினொன்றாம் வகுப்பு. ஒரே எடை, ஒரே ஆரம் கொண்ட திண்ம உருளைக்கும் மெல்லிய குழாய்க்கும் சம திருப்பு விசை கொடுத்தால் திண்ம உருளை இரண்டு மடங்கு முடுக்கம் பெறும் என்று பாடத்தில் இருக்கிறது. செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். 10 செ.மீ. விட்டத்தில் ஒரு மரக்கட்டையைக் கடைந்து வாங்கினேன், 36 செ.மீ. நீளம், 2 கிலோ. அதே வெளிவிட்டத்தில் 2 மி.மீ. தடிமன் இரும்புக் குழாயை 2 கிலோ வரும்வரை அறுத்தோம், 41 செ.மீ. இரண்டுக்கும் முனைகளில் பேரிங். கயிறு சுற்றி 1 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு 1 மீட்டர் இறங்கும் நேரத்தை மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்தோம். கட்டை 0.67 விநாடி, குழாய் 0.81 விநாடி. இரண்டு மடங்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தப்பு எங்கே? இன்னொன்று, மகளின் கேள்வி: சுற்ற விட்டபின் எது முதலில் நிற்கும்?

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. தப்பு இரண்டு இடத்தில். ஒன்று சின்னது, மற்றது ஆசிரியர்களே விழும் குழி.

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். பாடம் சொல்லும் இரண்டு மடங்கு முடுக்கத்துக்கு. நீங்கள் அளந்தது நேரம். ஓய்வில் கிளம்பும் பொருள் ஒரே தூரத்தைக் கடக்கும் நேரம் முடுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஆக, எல்லாம் கச்சிதமாக நடந்திருந்தாலும் குழாய் எடுக்கும் நேரம் கட்டையைப் போல 1.41 மடங்குதான், 2 அல்ல. உங்கள் நேரங்களை முடுக்கமாக மாற்றிப் பார்ப்போம், a = 2h/t². கட்டைக்கு 4.46, குழாய்க்கு 3.05 (விநாடிக்கு விநாடி இத்தனை மீட்டர்). விகிதம் 1.46. சரி, இன்னும் இரண்டைத் தொடவில்லை.

இப்போது குழி. இரண்டிலும் ஒரே படிக்கல்லைத் தொங்கவிட்டீர்கள், ஆனால் இரண்டுக்கும் ஒரே திருப்பு விசை போகவில்லை. உருளையைத் திருப்புவது கல் அல்ல, கயிறு. கயிற்றின் இழுவிசை கல்லின் எடைக்குச் சமமாக இருப்பது கல் அசையாமல் தொங்கும்போது மட்டும்தான். கல் வேகம் கூடிக்கொண்டே இறங்கும்போது எடையில் ஒரு பங்கு கல்லையே முடுக்குவதற்குச் செலவாகிவிடும், மிச்சம்தான் கயிற்றுக்கு. கயிற்றை அறுத்துவிட்டால் கல் முழு முடுக்கத்தோடு விழும், கயிற்றில் இழுப்பே இருக்காது. உங்கள் சோதனை இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கோ நடக்கிறது.

எங்கே என்று உங்கள் எண்களே சொல்கின்றன. 1 கிலோ கல்லின் எடை 9.8 நியூட்டன். கட்டையில் கல் 4.46 முடுக்கத்தோடு இறங்கியது என்றால் கல்லுக்குப் போனது 4.46 நியூட்டன், கயிற்றில் இருந்தது 5.34 நியூட்டன். குழாயில் கல்லுக்குப் போனது 3.05 மட்டும், கயிற்றில் 6.75. அதாவது, மெதுவாகக் கிளம்பிய குழாய்க்குக் கட்டையைவிடக் கால் பங்குக்கு மேல் அதிகமான திருப்பு விசையை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். பந்தயத்தில் பின்தங்கியவனை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட மாதிரி. வித்தியாசம் குறைந்துபோனதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு மேல் உங்கள் எண்களை விட மனசில்லை, கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன். திண்ம உருளையின் நிலைமத் திருப்புத்திறன் I = ½MR², மெல்லிய குழாய்க்கு I = MR². இதைக் கயிற்றின் பக்கத்திலிருந்து இப்படிப் படிக்கலாம்: கயிற்றுக்குக் கட்டை 1 கிலோ சுமையாகத் தெரிகிறது, குழாய் 2 கிலோ சுமையாகத் தெரிகிறது. 1 கிலோவை 4.46 முடுக்கத்தில் இழுக்க 4.46 நியூட்டன் போதும். கயிறு இழுத்ததோ 5.34. மிச்சம் 0.88 நியூட்டனைத் தின்றது பேரிங் உராய்வு. கிட்டத்தட்ட 90 கிராம் எடைக்குச் சமம். கிரீஸ் அடைத்து இருபுறமும் மூடிய பேரிங் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், புதிதில் அப்படித்தான் இறுக்கமாக இருக்கும். சோதித்துப் பார்க்க வழி உண்டு. கயிற்றில் சின்னச் சின்ன எடைகளாகச் சேர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். எந்த எடையில் வேகம் கூடாமலும் குறையாமலும் சீராக இறங்குகிறதோ, அதுதான் உராய்வின் அளவு. 90 கிராம் பக்கம் வரவேண்டும்.

அதே 0.88-ஐக் குழாயின் 6.75-இலிருந்து கழித்தால் 5.87. அதை 3.05-ஆல் வகுத்தால் 1.92. குழாய் 2 கிலோவாக நடந்துகொள்ளவில்லை, 1.92 கிலோவாக நடந்துகொண்டிருக்கிறது. இது அளவுப் பிழை இல்லை. பாடத்தில் வரும் குழாய்க்குத் தடிமனே கிடையாது. உங்கள் குழாயின் வெளி ஆரம் 50 மி.மீ., உள் ஆரம் 48 மி.மீ. தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், விளிம்பில் வைத்ததாகக் கருத வேண்டிய எடை சரியாக 1.92 கிலோ. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. இன்னும் நாலைந்து முறை எடுத்து சராசரி பாருங்கள், சற்று முன்பின் வரும்.

சரி, சம திருப்பு விசை கொடுப்பது எப்படி? ஸ்பிரிங் தராசைக் கையில் பிடித்து ஒரே அளவில் இழுக்கலாம் என்று தோன்றும். கை ஓட வேண்டிய வேகத்துக்கு முள் ஒரு இடத்தில் நிற்காது, அது வேண்டாம். கயிற்றின் இழுவிசை சமமாக வேண்டும் என்றால் கற்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். கட்டைக்கு 1 கிலோவே இருக்கட்டும், இழுவிசை 5.34. குழாயிலும் 5.34 வர வேண்டும். உராய்வு போக 4.46 மிஞ்சும், 1.92-ஆல் வகுத்தால் முடுக்கம் 2.32. அந்த முடுக்கத்தோடு இறங்கும் கல் ஒவ்வொரு கிலோவுக்கும் கயிற்றுக்குக் கொடுப்பது 9.8 − 2.32 = 7.48 நியூட்டன். 5.34-ஐ 7.48-ஆல் வகுத்தால் 0.714 கிலோ. 714 கிராம் வரும்படி ஒரு சின்ன வாளியில் மணல் நிரப்பித் தொங்கவிடுங்கள், வாளியின் எடையையும் சேர்த்து. 1 மீட்டர் இறங்க 0.93 விநாடி ஆக வேண்டும். முடுக்கங்களின் விகிதம் 4.46-க்கு 2.32, அதாவது 1.92. இரண்டு வராது, தடிமன் விடாது. எடையைக் கணக்கிட விடையையே பயன்படுத்தினோமே என்று மகள் கேட்டால் கேள்வி நியாயம்தான். ஆனால் கணக்கு தப்பாக இருந்தால் 0.93 வராது, ஆகவே சோதனை சோதனைதான்.

கட்டை எதனால் சரியாகப் பாதி? கட்டையின் வட்ட முகத்தில், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மரம் இருக்கும்படி பத்து வளையங்கள் வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவை அகலமாகவும் விளிம்பில் இருப்பவை ஒல்லியாகவும் வரும். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், இந்த வளையங்களின் வெளி ஆரத்தை வர்க்கப்படுத்தினால் R²-இல் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று சம படிகளாக ஏறும். மரத்தின் ஒவ்வொரு துணுக்கும் சுழற்சியை எதிர்ப்பது அது அச்சிலிருந்து இருக்கும் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப. 0-விலிருந்து R² வரை சமமாகப் பரவிய ஒன்றின் சராசரி R²/2. குழாயில் இந்தப் பரவலே இல்லை, எல்லா இரும்பும் விளிம்பில். கட்டை 36, குழாய் 41 செ.மீ. என்ற நீள வித்தியாசமும் அச்சு நடுவில் போகும்வரை ஒன்றும் செய்யாது.

மகளின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. பதில், எப்படிச் சுற்ற விட்டோம் என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் சம திருப்பு விசையை ஒரே நேரம் கொடுத்தால் கோண உந்தம் சமமாகிறது. கட்டை குழாயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனாலும் ஒரே அளவு பிரேக் பிடித்தால் இரண்டும் ஒரே கணத்தில் நிற்கும். வேகமாகச் சுற்றுவது பின்னால்தான் நிற்கும் என்று கண் அடம்பிடிக்கும்.

வீட்டில் செய்ய இதைவிட வசதியானது, ஒரே நேரத்துக்குப் பதில் ஒரே நீளக் கயிறு. கயிற்றின் முனையை முடி போடாமல், தலை வெட்டிய ஆணியில் வளையமாக மாட்டுங்கள், 1 மீட்டர் ஓடியதும் தானே கழன்று விழும். பேரிங் உராய்வே பிரேக், இரண்டிலும் ஒரே அளவு. 1 கிலோவும் 714 கிராமுமாகத் தொங்கவிட்டால் இரண்டு கயிறும் ஒரே விசையோடு ஒரே தூரம் இழுக்கின்றன, சேரும் ஆற்றலும் ஒன்று, 4.46 ஜூல். அதை 0.88 நியூட்டன் உராய்வு தின்று தீர்க்க விளிம்பு ஏறத்தாழ 5 மீட்டர் ஓட வேண்டும். உருளையின் சுற்றளவு 31.4 செ.மீ. என்பதால் கட்டையும் 16 சுற்று, குழாயும் 16 சுற்று. கட்டை அதை 3.4 விநாடியில் முடித்துவிடும், குழாய் 4.7 விநாடி இழுக்கும். கல் கழன்றபின் பேரிங்கின் மேல் சுமை குறைவதால் ஓரிரு சுற்று கூடலாம். விளிம்பில் சிவப்புக் காகிதம் ஒன்றை ஒட்டி, மகளை எண்ணச் சொல்லுங்கள். அறுத்த குழாயின் முனை பிளேடு மாதிரி இருக்கும், அதற்கு முன் அரம் போட்டுவிடுங்கள்.